கடலை ஊறப்போட ஒரு அலாரம்: ஒன்றரை வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காலையில் குக்கரை எடுத்து அடுப்பில் வைத்த பிறகுதான், கொண்டைக்கடலையை ஊறப்போடவில்லை என்பது நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் இது வாரம் ஒருமுறையாவது நடந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் போனில் தினமும் இரவு 9 மணிக்கு ஒரு அலாரம் வைத்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது. அலாரம் இன்றும் இருக்கிறது. ஆனால் அன்று வைத்த நேரமும் இல்லை, அன்று எழுதிய வார்த்தையும் இல்லை. இரண்டும் ஏன் மாறின என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வார்த்தை "நாளைக்கு என்ன ஊறணும்?" என்று இருந்தது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது ஒரு கேள்வி. 9 மணிக்கு அலாரம் அடிக்கும்போது, நாளைக்கு என்ன சமையல் என்று யோசித்து, டப்பாவில் கடலை இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் ஊறப்போட வேண்டும். அந்த நேரத்தில் அடுப்பைத் துடைத்து, சமையலறை விளக்கையும் அணைத்திருப்பேன். அலாரத்தை நிறுத்திவிட்டு "இதோ போடலாம்" என்று உட்கார்ந்தால், அதோடு சரி. இன்னொரு தொல்லையும் உண்டு. எதுவும் ஊறத் தேவையில்லாத நாட்களிலும் அது அடித்தது. வாரத்தில் நான்கு நாள் சும்மா அடிக்கும் அலாரத்துக்குக் காது பழகிவிடுகிறது. ஐந்தாவது நாள் உண்மையாகவே வேலை இருக்கும்போதும் கை தானாகவே நிறுத்திவிடும். முதல் நான்கு மாதம் இப்படியே போயிற்று.

பிறகு முதலில் மாற்றியது வார்த்தையை. வாரச் சமையலை ஞாயிறு மாலை முடிவு செய்யும் பழக்கம் எங்களுக்கு ஏற்கெனவே இருந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, ஊற வேண்டிய நாட்களுக்கு மட்டும் அலாரம் வைக்க ஆரம்பித்தேன். அலாரத்தின் பெயரில் கேள்வி இல்லை, முழு வேலையும் இருந்தது: "கொண்டைக்கடலை 1 கப், தண்ணீர் 3 கப், பெரிய பாத்திரம்." பெரிய பாத்திரம் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. ஊறினால் கடலை இரண்டு மடங்குக்கு மேல் பருத்துவிடும். சின்னக் கிண்ணத்தில் போட்டால் மேலே இருப்பவை தண்ணீருக்கு வெளியே வந்து, பாதி ஊறியும் பாதி ஊறாமலும் நிற்கும். அவற்றைக் குக்கரில் வைத்தால் ஒரே விசிலில் சில குழைந்துவிடும், சில கடினமாகவே கிடக்கும்.

அடுத்தது நேரம். இதைக் காலையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வியாழக்கிழமை காலை 6.30க்குக் கடலை குக்கருக்குள் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழுக் கொண்டைக்கடலைக்கு 8 முதல் 12 மணி நேரம் ஊறல் போதும். 6.30லிருந்து 12 மணி நேரம் பின்னால் போனால் முந்தைய மாலை 6.30, 8 மணி நேரம் என்றால் இரவு 10.30. இந்த நான்கு மணி நேரத்துக்குள் எப்போது போட்டாலும் சரிதான். கணக்குப்படி 9 மணியும் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், 9 மணிக்கு நான் சமையலறையில் இல்லை. 7.45க்கு இருப்பேன், இரவுச் சாப்பாடு அடுப்பில் இருக்கும், கை ஈரமாக இருக்கும், குழாய் பக்கத்திலேயே இருக்கும். அலாரத்தை 7.45க்கு மாற்றினேன். ஊறும் நேரம் 10 மணி 45 நிமிடம் ஆயிற்று, எல்லைக்குள்தான் இருக்கிறது. எனக்கு அதிகம் பலன் தந்த மாற்றம் இதுதான். அடுப்பின் முன் நிற்கும்போது அடிக்கும் அலாரம் நிறைவேறுகிறது, சோபாவில் இருக்கும்போது அடிப்பது தள்ளிப் போகிறது.

வெயில் காலத்தில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். சூடான சமையலறையில் 10 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தால் தண்ணீரின் மேல் நுரை கட்டி, புளித்த வாசம் வரத் தொடங்கும். லேசான நுரை என்றால் இரண்டு முறை அலசிவிட்டுச் சமைக்கலாம். வழவழப்பும் கெட்ட வாசமும் இருந்தால் கொட்டிவிடுவதே நல்லது. அந்த மாதங்களில் தூங்கப் போகும்முன் தண்ணீரை மாற்றிப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். குளிரில் ஊறல் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஊறியதா என்று பார்க்க ஒரு கடலையை நகத்தால் இரண்டாகப் பிளந்தால் போதும். நடுவில் வெளிறிய, கடினமான புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். எல்லா இடமும் ஒரே நிறமாக இருந்தால் சரி.

மாவு விஷயத்தில் நான் ரொம்ப நாள் தவறாகவே கணக்குப் போட்டேன். மாலையில் நினைவூட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைக்கும் மாவுக்கு மாலை என்பது நடுவில் வரும் கட்டம். ஊறப்போடுவது ஒன்று, அரைப்பது ஒன்று, புளிக்க வைப்பது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் வேண்டும். இரவு 9 மணிக்கு "மாவு" என்று அலாரம் அடித்தால், அப்போது ஊறியே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். காலை 8 மணிக்கு மாவு தயாராக வேண்டும். அதிகக் குளிரும் சூடும் இல்லாத இரவில் எங்கள் சமையலறையில் மாவு புளிக்க ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகிறது. அப்படியென்றால் சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் அரைத்து, உப்புப் போட்டு, கையால் கலந்து மூடியிருக்க வேண்டும். அரைக்கவும் கிரைண்டர் கழுவவும் முக்கால் மணி நேரம், ஆக 8.15க்கு அரைக்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் 4 மணி நேர ஊறல். மாலை 4 மணிக்கு மேல் தள்ளினால் கஷ்டம். அதனால் சனிக்கிழமைக்கு இரண்டு அலாரம் வைத்தேன். 4 மணிக்கு "அரிசி 4 கப், உளுந்து 1 கப், தனித்தனியாக". 8 மணிக்கு "உளுந்தை முதலில் அரை".

இந்தக் கணக்கு வருடம் முழுவதும் ஒன்றாக நிற்காது. அறையின் சூடு 30 டிகிரி பக்கம் இருக்கும் இரவுகளில் 8 மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். 20 டிகிரி பக்கம் இறங்கினால் 14 மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. 14 மணி நேரம் என்றால் மாலை 6 மணிக்கே கலந்து வைக்க வேண்டும், மதியம் 1 மணிக்கே ஊறப்போட வேண்டும். அப்போது அது மாலை நினைவூட்டல் என்று சொல்வதற்கே இல்லை. பருவம் மாறும்போதெல்லாம் ஒரு வாரம் கவனித்து, இரண்டு அலாரத்தையும் சேர்த்தே நகர்த்துகிறேன். ஒன்றை மட்டும் நகர்த்தினால், ஊறும் நேரம் குறைந்து உளுந்து பொங்காமல் போகும்.

வெயில் காலத்தில் மூன்றாவதாகக் காலை 6 மணிக்கும் ஒன்று வைக்கிறேன்: "மாவு ஃப்ரிட்ஜுக்கு". இரவு 10 மணிக்குக் கலந்தது அதற்குள் தயாராகியிருக்கும். ஒரு முறை இதை விட்டதில் மாவு விளிம்பைத் தாண்டி மேடையெல்லாம் வழிந்து, புளிப்பும் ஏறிவிட்டது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாமல் இருப்பதும் அப்போது கற்றதுதான். மாவு நன்றாகப் புளித்திருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயர்ந்திருக்கும், கரண்டி விட்டுப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் தெரியும், வாசம் இதமான புளிப்பாக இருக்கும்.

வீட்டில் இரண்டு பேர் சமைப்பதால் வந்த சிக்கல் ஒன்று. இருவர் போனிலும் ஒரே நேரத்துக்கு அலாரம் வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் பாத்திரம் காலி. "நீ போட்டுட்டேன்னு நினைச்சேன்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அலாரம் இருவரிடமும் அடித்து, இருவரும் நிறுத்தியிருந்தோம். இப்போது ஒரு நாளுக்கு ஒரு போனில்தான் அலாரம். அதோடு ஒரு பழக்கம்: அலாரத்தை நிறுத்துவது தண்ணீர் ஊற்றிய பிறகுதான். அதுவரை ஸ்னூஸ். ஊறும் பாத்திரத்தையும் ஓரமாக ஒளித்து வைக்காமல், காலையில் முதலில் பற்றவைக்கும் அடுப்பின் மேலேயே மூடி வைக்கிறோம்.

ஆரம்பத்தில் ஒரு நினைவூட்டல் ஆப்பையும் பயன்படுத்தினேன். அதில் பட்டியல், வண்ணம், குறிப்பு எல்லாம் இருந்தன. ஆனால் போனின் பேட்டரி சேமிப்பு அதைத் தூங்க வைத்துவிட்டதால், 7.45க்கு வர வேண்டிய நோட்டிஃபிகேஷன் சில நாள் 9 மணி தாண்டி வந்தது. போனைச் சைலன்ட்டில் வைத்த நாளில் வந்ததே தெரியாது. கடிகாரத்தோடு வரும் சாதாரண அலாரம் சைலன்ட்டில் இருந்தாலும் அடிக்கிறது, பெயரும் எழுதலாம், கிழமையும் குறிக்கலாம். இந்த வேலைக்கு அதுவே போதும். ஆப்தான் வேண்டும் என்றால் அமைப்புகளில் அதற்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, ஒரு வாரம் நேரம் தவறாமல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் மறக்கும் நாள் மாதத்தில் ஒன்றாவது வரும். அன்று கடலையைத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வைக்கிறேன். இரவு முழுக்க ஊறியதுபோல் ஒரே மாதிரி வேகாது, ஆனால் சமையல் நின்றுபோகாது. ராஜ்மாவில் மட்டும் அவசரம் காட்டுவதில்லை. பச்சை ராஜ்மாவில் வயிற்றைப் பலமாகக் கெடுக்கும் லெக்டின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அதை நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடமாவது கொதிக்கவிட்ட பிறகே மற்ற வேலை. மிதமான சூட்டில் வெகுநேரம் வேகவைக்கும் பாத்திரத்தில், இப்படிக் கொதிக்கவிடாத ராஜ்மாவை நேராகப் போடக் கூடாது. அதனால் ராஜ்மா மறந்த நாளில் பச்சைப்பயறுக்கு மாறிவிடுகிறேன். அது ஊறாமலேயே வேகும்.

அலாரத்தால் சரிசெய்ய முடியாத ஒன்றும் உண்டு. ஒரு முறை சரியாக 11 மணி நேரம் ஊறிய கடலை, எத்தனை விசில் விட்டும் மெத்தென்று ஆகவில்லை. டப்பாவின் அடியில் வெகுநாளாகக் கிடந்த பழைய கடலை அது. அதிலிருந்து டப்பாவின் மேல் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுகிறேன். பழையது முழுவதும் தீர்ந்த பிறகே புதியதைக் கொட்டுகிறேன்.