தண்ணீர் கேன் விநியோகம்: லாபத்தைத் தீர்மானிக்கும் காலி கேன்கள்

சில ஆண்டுகளாக 20 லிட்டர் குடிநீர் கேன்களை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் போட்டு வருகிறேன். இத்தொழிலுக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் தண்ணீர் நிரப்பித் தரும் பிளான்ட்டில் வாங்கும் விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் கேட்கிறார்கள். காலி கேன் எத்தனை வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு.

நாளொன்றுக்கு 60 கேன் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு ஒரு கேன் மூன்று நாள் வருமென்றால், 180 வீடுகளில் 180 கேன்கள் எப்போதும் இருக்கும். வண்டியில் 60, பிளான்ட்டில் கழுவி நிரப்பக் காத்திருப்பவை 60 என்று கூட்டினால் 300 ஆகிவிடுகிறது. முதலீட்டில் வண்டிக்கு அடுத்த பெருந்தொகை இதில்தான் முடங்குகிறது.

ஒரு புதிய கேனின் விலை, என் கணக்கில், ஏறத்தாழ பத்து கேன் விற்றுக் கிடைக்கும் வித்தியாசத்துக்குச் சமம். இரண்டு நாளுக்கு ஒரு கேன் உடைந்தோ திரும்பாமலோ போனால், அந்த இரண்டு நாளில் போடும் 120 கேன்களின் வித்தியாசத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். பெட்ரோலும் உதவியாளரின் கூலியும் மிச்சத்திலிருந்துதான் போக வேண்டும். ஆகவே, கேனுக்கான அட்வான்ஸை வாங்காமல் நான் புதிய வீட்டுக்குப் போடுவதில்லை. வாடகை வீடுகளில் சொல்லாமல் காலி செய்துகொண்டு போகிறவர்கள் கேனையும் சேர்த்தே எடுத்துச் செல்வது வழக்கமாக நடப்பதுதான்.

காலி கேனை வாசலிலேயே சோதித்து வாங்க வேண்டும். கேனின் வாயில் மூக்கை வைத்தால் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றி வைத்திருந்தது உடனே தெரிந்துவிடும். அந்த வாடை எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அடிப்பாகத்து மயிரிழை விரிசலும், வெயிலில் கிடந்த கேனின் உள்சுவரில் படரும் பச்சைப் பாசியும் கண்ணில் படும். விரிசலைக் கவனிக்காமல் நிரப்பிவிட்டால், அடுத்த வீட்டுத் தரை நனைந்த பிறகு வரும் தொலைபேசி அழைப்பில்தான் அது தெரியவரும்.

காலையில் முதலில் கடைகளுக்குப் போகிறேன். அங்கே விலை சற்றுக் குறைவு, பணமும் வாரக்கடைசியில்தான் வரும்; ஆனாலும் ஒரே நிறுத்தத்தில் மூன்று நான்கு கேன்கள் தரைத்தளத்திலேயே இறங்கிவிடுவதால், வீட்டு விற்பனையைவிட நேரக்கணக்கில் அதுவே மேல். நிரம்பிய கேன் கிட்டத்தட்ட 21 கிலோ இருக்கும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஒன்றைத் தூக்கிச் சென்று காலியுடன் இறங்கும் நேரத்தில், கீழ்த்தளத்தில் மூன்று வீடுகளை முடித்துவிடலாம். அதனால் மாடிக்குத் தனிக்கட்டணம் உண்டு. முதலில் முணுமுணுத்தவர்களில் பலர், இரண்டு கேன்களாகச் சேர்த்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடம் கூடுதலாக ஒரு கேன் தங்குவதால், அதற்கும் அட்வான்ஸ் வாங்கிக்கொள்கிறேன்.