பாதத்தை ஸ்கேன் செய்து ஷூ விற்கும் கடைகள்: கீழ்க்கால் வலியோடு போகிறவர்கள் கவனத்துக்கு

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் 22 வயதுப் பையன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பதற்காக, அதுவரை ஓடிப் பழக்கமே இல்லாதவர், எடுத்த எடுப்பில் வாரம் 6 நாள், தார் ரோட்டில் தினம் 5 கிலோமீட்டர் ஓடினார். மூன்றாம் வாரம் கீழ்க்கால் எலும்பின் உள்விளிம்பில் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் அடங்கும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் திரும்ப வரும். ஷின் ஸ்பிளிண்ட் என்னும் கீழ்க்கால் எலும்பு வலி இப்படித்தான் தொடங்கும்.

அவர் போனது ஒரு ஷூ கடைக்கு. அழுத்தப் பலகை ஒன்றில் நிற்க வைத்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பாதத்தின் படத்தைக் காட்டி, "தட்டைப் பாதம் தம்பி, அதான் வலி" என்றார்கள். ஷூ 11,500 ரூபாய், உள்ளே வைக்கும் இன்சோல் 4,800 ரூபாய். "இதைப் போட்டுக்கிட்டு ஓடுங்க, பத்து நாள்ல சரியாயிடும்."

மோசடி அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. நிற்கும்போது பாதத்தில் எங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதைத்தான் அந்தப் பலகை காட்டும். ஓடும்போது எலும்பு என்ன பாடுபடுகிறது என்பது அதற்குத் தெரியாது. குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் நின்றால் பாதத்தின் வளைவு தெரிகிறதா? தெரிந்தால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். பெரும்பாலும் அது ஒரு குறையே இல்லை. அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வடிவம் பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்தார்கள். காயங்கள் குறையவில்லை. பாதம் அதிகமாக உள்ளே சாய்கிறவர்களுக்கு இந்த வலி வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பது உண்மைதான். அதற்குச் சில நூறு ரூபாய் ரெடிமேட் இன்சோலைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இந்தப் பையனுக்கு வலியைக் கொடுத்தது பாதம் அல்ல, திடீரென்று ஏற்றிய ஓட்டம். சுமை ஏறும்போது எலும்பு தன்னைக் கொஞ்சம் கரைத்து, பிறகு பலமாகக் கட்டிக்கொள்ளும். கட்டி முடிக்க அவகாசம் தராமல் மறுநாளும் இடித்தால் கரைவதுதான் மிஞ்சும்.

அவர் புது ஷூவில், வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினார். இரண்டு வாரத்தில் வலி ஒரே புள்ளிக்குக் குவிந்தது, ராத்திரியிலும் வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் மயிரிழை முறிவு தெரிந்தது. அந்தத் தேர்வு போயிற்று.

ஷின் ஸ்பிளிண்ட்டா, முறிவா என்ற வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். கட்டைவிரலால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரற்கடைக்கும் மேல் பரவலாக வலித்தால் ஷின் ஸ்பிளிண்ட்டாக இருக்கலாம். ஒரு விரல்நுனிக்குள் அடங்கும் இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். எலும்பின் முன்பக்க முகட்டில் ஒரு புள்ளி வலி என்றால் தாமதமே கூடாது. அந்த இடத்து முறிவு லேசில் ஒட்டாது. வெளிப்பக்கத் தசை இறுகி, பாதம் மரத்து, ஓட்டத்தை நிறுத்தினால் சில நிமிடத்தில் சரியாகிறது என்றால் அது வேறு கோளாறு. தசை உறைக்குள் அழுத்தம் ஏறுவது. அதற்கும் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

சாதாரண ஷின் ஸ்பிளிண்ட்டுக்கு மருந்து, ஓட்டத்தை நிறுத்துவதுதான். பொதுவாக 2 முதல் 6 வாரம். கட்டிலில் கிடக்க வேண்டாம், வலிக்காதவரை சைக்கிளும் நீச்சலும் ஆகும். வலிக்கும்போது துணி சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். "நரம்பு சுருண்டிருக்கு" என்று எலும்பின் மேலேயே கட்டைவிரலால் தேய்ப்பவர்களிடம் காலைக் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலிக்கவில்லை, எலும்பை அழுத்தினாலும் வலிக்கவில்லை என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 1 நிமிடம் ஓட்டம் 2 நிமிடம் நடை என்று 20 நிமிடம் தொடங்குங்கள், மண் மைதானத்தில். மறுநாள் காலை எலும்பு வலித்தால் முந்தைய அளவுக்கே திரும்புங்கள். முழங்காலை லேசாக மடக்கியபடி குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியும் கூடவே செய்யுங்கள். கெண்டைக்கால் தசைக்குப் பலம் வந்தால் எலும்பின் சுமை குறையும்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. கடைக்குள்ளேயே சற்று ஓடிப் பார்த்து, எது இதமாக இருக்கிறதோ அதையே எடுங்கள். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய ஷூவை மாற்றிவிடலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லையும் ஸ்கேன் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். வலி குணமாகும் என்று சொல்லி விற்றிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம்.