நாய் உண்ணி: இடுக்கியா, கொக்கியா, எண்ணெயா?

காது மடலின் உட்புறம் ரத்தம் குடித்து உப்பிய ஒரு பெரிய உண்ணி, முன்காலில் விரல்களுக்கு நடுவே எள் அளவில் இன்னொன்று. ஒரே நாயில் இந்த இரண்டும் இருந்தால் எதற்கு எதை எடுப்பது என்று பார்ப்போம்.

எண்ணெய், வாசலின், மண்ணெண்ணெய், தீக்குச்சிச் சூடு ஆகியவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். உண்ணி மிக மெதுவாக மூச்சு விடும் உயிரி. எண்ணெயில் மூழ்கினாலும் மூச்சு முட்டிச் சாக மணிக்கணக்காகும், அதுவரை அது தோலைக் கவ்வியபடியே இருக்கும். கிருமியை நாயின் உடலுக்குள் இறக்க அதற்கு அந்த நேரமே போதும். எர்லிக்கியா என்ற ரத்தக் கிருமி, உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே உள்ளே போய்விடக்கூடியது. மண்ணெண்ணெயும் சூடும் தோலையும் புண்ணாக்கும்.

மீதி இருப்பவை கூர்முனை இடுக்கியும், நுனியில் பிளவுள்ள சிறு கருவியான உண்ணிக் கொக்கியும். காதில் உப்பியிருக்கும் உண்ணிக்குக் கொக்கிதான் சரி. அதன் பிளவைத் தோலோடு ஒட்டி உண்ணிக்கு அடியில் நுழைத்து, லேசாகத் தூக்கியபடி ஒரே திசையில் மெதுவாகச் சுழற்ற வேண்டும். சில சுற்றுகளில் பிடி தளர்ந்து வந்துவிடும். வயிற்றில் அழுத்தமே விழாததுதான் இதன் பலம். இடுக்கியால் அதே உண்ணியை வயிற்றோடு பிடித்தால் நசுங்கி ரத்தம் வெளியே வரும், தலையும் அறுந்து தோலில் தங்கும்.

விரலிடுக்கில் இருக்கும் குட்டி உண்ணிக்குக் கொக்கி பெரும்பாலும் பிடிகொடுக்காது. அங்கே இடுக்கி. முடியை விலக்கி, உண்ணியின் வாய் தோலில் இறங்கும் இடத்தை முனைகளால் பிடித்து, நேராக மேல்நோக்கி ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, திருகவும் கூடாது. கொக்கியில் சுழற்றுகிறோமே, இதில் ஏன் கூடாது என்று தோன்றும். கொக்கி உண்ணியை இறுக்குவதில்லை, அதனால் முழு உடலும் சேர்ந்து சுழலும். இடுக்கி இறுக்கிப் பிடித்திருப்பதால், திருகும்போது வாய்ப்பகுதி முறிந்துவிடும். நகத்தால் கிள்ளுவதிலும் இதே ஆபத்துதான், கூடவே ரத்தம் உங்கள் கையிலும் படும். எதை எடுத்தாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த உண்ணியை நசுக்காமல் ஸ்பிரிட் ஊற்றிய மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள்.

தோலில் கறுப்புப் புள்ளியாக ஏதாவது தங்கிவிட்டால்? ஊசியால் தோண்டுவதா, விட்டுவிடுவதா? இடுக்கி முனைக்கு எளிதில் அகப்பட்டால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உடல் போனபின் அந்தத் துண்டால் ரத்தம் குடிக்க முடியாது, தோலே அதை நாளடைவில் வெளியே தள்ளிவிடும். ஊசியால் தோண்டினாலும் நாய் விடாமல் நக்கினாலும் அங்கே சீழ்க் கட்டி வரக்கூடும்.

காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெளிறிய தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் கலந்த போவிடோன் அயோடினை ஒற்றுங்கள். காது மடலில் போடும்போது அது காதுத் துளைக்குள் வழியாமல் பஞ்சில் நனைத்துத் தொடுவது நல்லது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறிவரும் திசுவையே அரிக்கும். வீட்டிலிருக்கும் மனிதக் களிம்புகளும் வேண்டாம், நாய் அவற்றை நக்கி விழுங்கிவிடும்.

கடித்த இடத்தில் பட்டாணியைவிடச் சிறிய சிவந்த தடிப்பு வருவது இயல்பு. நாளுக்கு நாள் அது வற்றிக்கொண்டு வரவேண்டும். வலியில்லாத சிறு உருண்டையாக இறுகி ஓரிரு வாரம் நின்றாலும், பெரிதாகாதவரை பயமில்லை. மூன்றாம் நாளுக்குப் பின் சிவப்பு பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், சீழ் கசிந்தால், தொடவிடாமல் நாய் உறுமினால் அது தோல் தொற்று. மருத்துவர் பார்க்க வேண்டும்.

காயம் அழகாக ஆறிவிட்டதாலேயே ரத்தத்தில் கிருமி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. எர்லிக்கியா பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே தலைகாட்டும். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போவது, சோர்ந்து படுப்பது, ஆசனவாய் வெப்பமானியில் 39.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், வயிற்றுத் தோலில் செம்புள்ளிகள், மூக்கில் ரத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஈறு வெளிறி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உண்ணி பரப்பும் இன்னொரு ரத்தக் கிருமியான பேபிசியாவாக இருக்கலாம், அன்றே கொண்டு போங்கள். பின்னங்கால்கள் தள்ளாடினால் ஒட்டியிருக்கும் உண்ணியின் நஞ்சு காரணமாக இருக்கலாம். உடம்பில் இன்னொரு உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கழுத்துப்பட்டையின் அடி, கக்கம், வாலடி எல்லாம் தடவிப் பார்த்தபடியே உடனே கிளம்புங்கள்.

உண்ணி எடுத்த தேதியைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனையை முதல் சில நாட்களிலேயே செய்தால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று காட்டக்கூடும். தேதி தெரிந்தால்தான் அதை எப்போது திரும்பச் செய்வது என்று அவரால் முடிவு செய்ய முடியும்.