வாட்ச் 'துடிப்பு சீராக இல்லை' என்றால்: காத்திருப்பதா, பக்கத்தில் ஈசிஜியா, நேரே மதுரையா?

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த வீட்டில் வாப்பாவுக்கு 67 வயது. சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை போடுகிறார். துபாயிலிருக்கும் மகன் கட்டிவிட்ட வாட்ச், ஒருநாள் சுபுஹு தொழுகைக்கு எழுந்தபோது சீரற்ற துடிப்பு என்று எச்சரிக்கை காட்டியது. "எனக்கு ஒண்ணும் செய்யல, ரெண்டு நாள் பாப்போம்" என்றார் வாப்பா. "இன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று போனில் மகன். நான் ஈசிஜி எடுக்கிறவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

முதலில் கேட்டது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் உண்டா, முகம் கோணுதா, கை கால் மரத்துப்போகுதா, பேச்சு குழறுதா என்று. இதில் ஒன்று இருந்தாலும் வாட்ச் என்ன சொன்னாலும் 108தான். மாரடைப்பை வாட்ச் கண்டுபிடிக்காது. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம்தான் அவகாசம்; ராமேஸ்வரம், தொண்டி பக்கம் இருப்பவர்களுக்கு அதில் பெரும்பங்கு பாதையிலேயே போய்விடும். வாப்பாவுக்கு இவை எதுவும் இல்லை. அதனால்தான் மூன்று வழியையும் ஒப்பிட நேரம் இருந்தது.

காத்திருப்பதில் ஒரு நியாயம் உண்டு. அந்த எச்சரிக்கை, வாட்சின் அடியில் மினுங்கும் பச்சை ஒளி தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தைப் பார்த்துச் செய்யும் கணிப்பு. பட்டை தளர்ந்திருந்தாலோ, இடையிடையே கூடுதல் துடிப்பு வந்தாலோ ஏமாறும். ஆனால் இந்த வசதியுள்ள வாட்சுகள் ஒரு தடவை பார்த்ததும் கத்துவதில்லை. உதாரணமாக ஆப்பிள் வாட்ச், கை அசையாத நேரங்களில் எடுத்த ஆறு அளவீடுகளில் ஐந்து சீரற்று இருந்தால்தான் சொல்லும். அமெரிக்காவில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், எச்சரிக்கை வந்து பிறகு நெஞ்சில் ஈசிஜி பதிவுசெய்யும் பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப்) பதிவானது. அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குவது; அங்கே உறையும் இரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம். மூன்றில் ஒன்று என்பது, சுகரும் பிரஷரும் உள்ள மனிதரை 'பாப்போம்' என்று விட்டுவைக்கக்கூடிய கணக்கா? என் கணக்கில் இல்லை. இருபத்தெட்டு வயதுக்காரர், வேறு வியாதி இல்லை என்றால் அவசரம் குறைவு. ஈசிஜி தேவையில்லை என்று அர்த்தமில்லை.

நேரே மதுரை என்பது பாசத்தில் எடுத்த முடிவு. நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், டோக்கன் போட்டு, முதலில் எடுப்பது அதே பன்னிரண்டு லீடு ஈசிஜிதான். அதை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் துடிப்பு 120க்கு மேல் நின்றால் மட்டும் அன்றைக்கே போகணும். அப்போதும் அருகிலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு.

ஆகவே பக்கத்து ஈசிஜி, இரண்டு மூன்று நாளுக்குள். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். வாப்பாவுக்கு ஈசிஜி நார்மல் வந்தது. வீட்டில் நிம்மதி, வாட்ச் பொய் என்று பேச்சு. அந்தத் தாளில் இருப்பது பத்து விநாடி இதயம் மட்டுமே. ஏஎஃப் ஆரம்பத்தில் வந்து வந்து போகும். இராத்திரி வந்து காலையில் மறைந்தால் பகல் ஈசிஜியில் எப்படித் தெரியும்?

அவர் வாட்சில் விரல் வைத்து எடுக்கும் 30 விநாடி ஈசிஜியும் இருந்தது. பச்சை ஒளியைவிட இது நம்பத்தக்கது, ஏனெனில் உண்மையான மின் அலையை வரைகிறது. மருத்துவர் பார்த்து ஏஎஃப் என்று உறுதிசெய்யலாம். எச்சரிக்கை வந்தவுடன், கையை மேசையில் ஊன்றி, பேசாமல் எடுத்து, PDF ஆகச் சேமித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். அன்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் மருத்துவர், 24 மணி நேரமும் தொடர்ந்து ஈசிஜி பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை மாட்டினார். விடியற்காலையில் நீண்ட நேரம் ஏஎஃப் பதிவாகியிருந்தது. 65ஐத் தாண்டிய வயது, சுகர், பிரஷர் மூன்றும் பக்கவாத ஆபத்தைக் கூட்டுபவை. எனவே சிறுநீரக இரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆரம்பித்தார். அதற்குள் பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு வாப்பா ஆஸ்பிரின் போட ஆரம்பித்திருந்தார். ஏஎஃப்பில் வரும் பக்கவாதத்துக்கு அது போதிய காவல் இல்லை, இந்த மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னார் மருத்துவர்.

மதுரைப் பயணம் அப்புறமும் தேவைப்படலாம். எக்கோ என்ற இதய ஸ்கேனில், ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையே மாறும், புதிய வகைகள் அல்லாமல் பழைய வார்ஃபரின் வகைதான். வாப்பாவின் எக்கோவில் வால்வு நன்றாகவே இருந்தது. மகன் மதுரைக்குப் போட்டிருந்த அப்பாயின்ட்மெண்டை ரத்துசெய்தார்கள்.