கரண்ட் பில் கரோசல்: பில்லைப் படித்துக் காட்டுவதா, ஒரு வீட்டின் கணக்கைப் போட்டுக் காட்டுவதா?

வீட்டுக் கரண்ட் பில்லை கரோசலாக, அதாவது ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் ஸ்லைடுகள் கொண்ட பதிவாக, விளக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போவார்கள். முதல் வழியில் பில்லைப் படமெடுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகச் சுட்டிக்காட்டுவது: இது பழைய ரீடிங், இது புது ரீடிங், இது யூனிட், இது ஸ்லாப் எனும் விலைப் படி, இது வரி. இரண்டாவது வழியில் ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொண்டு, அங்கே ஓடும் சாமான்களிலிருந்து தொடங்கி பில் தொகை வரை கணக்குப் போட்டுக் காட்டுவது. முன்னதைப் பில் வழி என்றும் பின்னதை வீட்டு வழி என்றும் வைத்துக்கொள்வோம். நாங்கள் தேர்ந்தெடுத்தது வீட்டு வழி. ஏன் என்பதே இந்த அலசல்.

பில் வழிக்கு உள்ள பலத்தை முதலில் சொல்லிவிடலாம். பார்ப்பவர் தன் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒத்துப் பார்க்க முடியும். பில் தப்பாக வந்திருந்தால் அதைப் பிடிக்க இதுதான் சரியான வழி. புது ரீடிங்கிலிருந்து பழையதைக் கழித்தால் பில்லில் போட்ட யூனிட் வருகிறதா, ரீடிங் நிஜமாக எடுத்ததா அல்லது வீடு பூட்டியிருந்ததால் உத்தேசமாகப் போட்டதா, இரண்டு ரீடிங்குக்கும் நடுவே எத்தனை நாள் என்ற மூன்றையும் பில்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதிலும் நாள் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. 30 நாளில் எடுக்க வேண்டிய ரீடிங் 35-ஆவது நாளில் எடுக்கப்பட்டால், நாளுக்கு 9.3 யூனிட் ஓடும் வீட்டில் 280 யூனிட் என்பது 327 ஆகிவிடும். ஸ்லாப் எல்லையை நாளுக்கு ஏற்ப நீட்டித் தராவிட்டால் கூடுதல் 47 யூனிட்டும் மேல் விலையில் போய் விழும். வீட்டில் எதுவுமே மாறாமல் பில் மட்டும் எகிறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கரோசலைத் திறக்கிறவர் மனதில் பெரும்பாலும் இருக்கும் கேள்வி வேறு: எதைக் குறைத்தால் எவ்வளவு குறையும்? பில் வழியில் போனால் இதற்குப் பதில் வராது. வந்தாலும் தப்பாக வரும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். விலையெல்லாம் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டவைதான். உங்கள் பில்லில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் 100 யூனிட் தலா 2, அடுத்த 100 தலா 4, 200-க்கு மேல் தலா 7.

யூனிட் என்பது ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம். நம் மாதிரி வீட்டில் 75 வாட் பழைய ஃபேன் மூன்று, தினம் 12 மணி நேரம் ஓடுகின்றன. 75-ஐ மூன்றாலும் 12-ஆலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நாளுக்கு 2.7 யூனிட், மாதத்துக்கு 81. ஏசி ஓடும்போது சராசரியாக ஒரு கிலோவாட் இழுக்கிறது, தினம் 3 மணி நேரம், மாதத்துக்கு 90. ஃபிரிட்ஜ் 30, இரண்டு கிலோவாட் கீஸர் தினம் அரை மணி நேரம் என்று 30, தண்ணீர் மோட்டார் 15, டிவி 12, அயர்ன் பாக்ஸ் 10, விளக்குகள் 8, மிக்ஸியும் சார்ஜர்களும் சேர்த்து 4. மொத்தம் 280 யூனிட்.

இப்போது பில். முதல் நூறுக்கு 200, அடுத்த நூறுக்கு 400, மிச்சம் 80 யூனிட்டுக்கு 560. ஆகக் கூடி 1160. இதை 280-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 4.14 வருகிறது. பில் வழியில் செய்த கரோசல்கள் பலவும் இந்தச் சராசரியை எடுத்துக்காட்டி "உங்கள் ஒரு யூனிட்டின் விலை இது" என்று முடித்துவிடும். பில்லில் இருக்கும் எண்களை வைத்துச் சுலபமாகக் கிடைப்பது அதுதான் என்பதால் அப்படி நடக்கிறது.

அந்த எண்ணை வைத்து ஃபேன் மாற்றும் கணக்கைப் போட்டால் என்ன ஆகிறது பாருங்கள். மூன்று பழைய ஃபேனையும் முழு வேகத்தில் 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் மாதம் 81 யூனிட் 32 ஆகக் குறையும். மிச்சம் 49 யூனிட். சராசரி விலைப்படி மாதம் 203 மிச்சம் என்று வரும். உண்மையில் பில்லில் குறைவது 343. குறைக்கும் யூனிட் எப்போதும் உச்சியிலிருந்துதான் கழியும் என்பதே காரணம். மூன்று மாடிக் கட்டடத்தை இடிக்க வேண்டுமென்றால் மேல் மாடியிலிருந்துதான் தொடங்க முடியும், ஸ்லாபும் அப்படித்தான். 7 விலையில் இருக்கும் 80 யூனிட் தீரும்வரை 4 விலை யூனிட்டைத் தொடவே முடியாது.

அதே வீட்டில் ஏசியைத் தினம் ஒரு மணி நேரம் குறைத்தால் இன்னொரு 30 யூனிட், அதாவது 210 குறையும். ஃபேனும் ஏசியும் சேர்ந்து 79 யூனிட் போய்விட்டது. இப்போது மொத்தம் 201, பில் 607. இதற்குப் பிறகு கீஸர் நேரத்தைச் சுருக்கி 10 யூனிட் மிச்சப்படுத்தினால் முதல் யூனிட்டுக்கு மட்டும்தான் 7. மற்ற ஒன்பதுக்கும் 4 தான், எல்லாம் சேர்த்து 43. அதே பத்து யூனிட்டை முதலிலேயே குறைத்திருந்தால் 70 என்று தெரிந்திருக்கும். ஆகவே "கீஸரைக் குறைத்தால் இவ்வளவு" என்று தனித்தனி ஸ்லைடில் போட்டு எல்லாவற்றையும் கூட்டச் சொல்லும் கரோசல் மிச்சத்தை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். வரிசையாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். வீட்டு வழியில் அது தானாக நடந்துவிடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏசி ஓடாத மாதத்தில் இந்த வீட்டின் செலவு 190 யூனிட் தான். அப்போது அதே ஃபேன் மிச்சப்படுத்தும் 49 யூனிட்டும் 4 விலையில்தான் கழியும், 196 மட்டுமே. புது ஃபேனுக்குப் போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று ஸ்லைடில் எழுதுவதாக இருந்தால், ஏசி ஓடும் மாதங்களையும் ஓடாத மாதங்களையும் பிரித்துத்தான் எழுத வேண்டும். பழைய ஃபேனை எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மெதுவாக ஓட்டுகிற வீட்டில் வித்தியாசம் இன்னும் குறையும். 75-க்கு 30 என்பது முழு வேகத்துக்கான ஒப்பீடு.

இவ்வளவும் சொன்னது ஸ்லாப் படிப்படியாக ஏறும் இணைப்புக்கு. வேறொரு வகை உண்டு: எல்லையைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே மேல் விலை போடுவது. அங்கே 200 யூனிட்டுக்கு 800, 201-க்கு 1407. இந்த வகையில் நம் வீட்டின் அந்த ஒற்றை 201-ஆவது யூனிட்டை எப்படியாவது குறைத்தே ஆக வேண்டும். எந்த வகை என்று அறிய, பழைய பில் ஒன்றை எடுத்து இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏதாவது ஒன்று மின் கட்டணத் தொகையோடு ஒத்துப்போகும். இரண்டும் கலந்த கட்டண முறைகளும் இருப்பதால் எல்லைக்குக் கீழே ஒரு பில், மேலே ஒரு பில் என்று இரண்டில் சரிபார்ப்பது நல்லது. ஃபிக்ஸட் சார்ஜைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போடுங்கள்; யூனிட் குறைந்தால் அது குறையாது. சதவீதமாக வரும் வரி மட்டும் கூடவே இறங்கும்.

வீட்டு வழிக்கு உள்ள பெரிய பலவீனம் சாமான் கணக்கு. லேபிளில் உள்ள வாட்டை எடுத்து மணி நேரத்தால் பெருக்கினால் ஃபிரிட்ஜுக்கு அபத்தமான எண் வரும், ஏனென்றால் கம்ப்ரசர் விட்டு விட்டுத்தான் ஓடும். ஃபிரிட்ஜுக்கு ஆண்டு யூனிட் போட்ட லேபிள் இருந்தால் அதை 12-ஆல் வகுப்பதே சரி. ஏசியின் "டன்" என்பது குளிர்விக்கும் திறன், இழுக்கும் கரண்ட் அல்ல. அறை வெப்பம், செட் செய்த டிகிரி, கதவு இடுக்கு எல்லாம் சேர்ந்து முடிவு செய்வதால் ஏசிக்கு மேலே போட்ட ஒரு கிலோவாட் ஓர் அனுமானம்தான். வீட்டுக்கு வீடு நிறையவே மாறும்.

ஆகவே மீட்டரிலேயே அளந்து பார்க்கும் ஸ்லைடு ஒன்று கட்டாயம் வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் `3200 imp/kWh` என்பது போல அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கல் என்று பொருள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் போட்டு ஐந்து நிமிடம் எண்ணுங்கள். 20 மினுக்கல் வந்தால் மணிக்கு 240. அதை 3200-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 75 வாட். எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் எதோ ஒன்று இன்னும் இணைப்பில் இருக்கிறது, இன்வெர்ட்டர் சார்ஜ் ஆவதாக இருக்கலாம். எதுவென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது நல்லது. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஐந்து நிமிட எண்ணிக்கை ஏமாற்றும். அவற்றுக்கு ஒரு முழு நாளின் ரீடிங் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பிலும் வீட்டு வழிக்கே கொஞ்சம் சாதகம். கட்டணம் மாறும்போது சாமான் ஸ்லைடும் மீட்டர் ஸ்லைடும் அப்படியே நிற்கும். பணத்தை இரண்டு ஸ்லைடுக்கு மேல் பரப்பாமல், மற்ற இடங்களில் யூனிட் மட்டும் போட்டால் திருத்துவது சுலபம். பில் வழியில் பில்லின் வடிவம் மாறினாலே படமெல்லாம் பழசாகிவிடும்.

நேரத்துக்கு நேரம் விலை மாறும் இணைப்புக்கும், மாடியில் சோலார் போட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் வீட்டுக்கும் இந்த மாடிக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே எத்தனை யூனிட் என்பதோடு எந்த மணியில், எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம் என்பதும் சேர்ந்துவிடும். அவர்களுக்குத் தனிக் கரோசல்தான் சரி, அதைப் பில் வழியில் செய்வதே மேல்.

மற்ற வீடுகளுக்கு நாங்கள் சொல்லும் ஸ்லைடு வரிசை இது: யூனிட் என்றால் என்ன, சாமான் பட்டியல், மூன்று மாடிப் படம், 1160 வந்த விதம், ஃபேன் மாற்றிய பின் மேல் மாடி, ஏசி குறைத்த பின் மேல் மாடி, மீட்டர் மினுக்கல், ரீடிங் நாள் எச்சரிக்கை. நாள் எச்சரிக்கை பில் வழியிலிருந்து கடன் வாங்கியது. அதை மட்டும் விட்டுவிட வேண்டாம். கடைசி ஸ்லைடில் எண்களை நீக்கிவிட்டு அதே பட்டியலைக் காலியாக வையுங்கள், பார்ப்பவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தன் வீட்டுக் கணக்கை நிரப்பிக்கொள்ள.