வெள்ளநீரைக் கடந்த காரும் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கும்: ஓராண்டுக்கு மேற்பட்ட அனுபவம்

வெள்ளநீரில் ஓட்டி வந்த காரின் மீட்டர் பலகையில் எரியும் எச்சரிக்கை விளக்கு, இரண்டு நாள் வெயில் அடித்ததும் தானாக அணைந்துவிடுவதுண்டு. உள்ளே புகுந்த நீர் காய்ந்துவிட்டது என்பது மட்டுமே அதற்குப் பொருள். வயர்களை இணைக்கும் கனெக்டருக்குள் தங்கிவிட்ட சேறும் உப்பும் வெள்ளீயம் பூசிய முனைகளையும் செம்புக் கம்பியையும் அதன் பிறகும் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கின்றன. கோலாலம்பூரின் செகாம்புட் பகுதியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில், கதவின் அடிவிளிம்பைத் தொட்ட நீரை என் கார் கடந்து வந்த பிறகு இது எவ்வாறு நடக்கிறது என்பதை நான் நேரில் கண்டேன்.

மறுநாள் காலையில், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கும் வழுக்கல் தடுப்பு விளக்கும் ஒன்றாக எரிந்தன. இரண்டும் சேர்ந்து எரிவது ஒரு நல்ல தடயம், ஏனெனில் இரண்டு அமைப்புகளும் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள அதே வேக சென்சரையே நம்பியிருக்கின்றன. சிவப்பு பிரேக் விளக்கு எரியாமல் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் திடீரென அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும். சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால் காரை ஓட்டாமல் இழுவை வண்டியை அழைப்பதே சரி.

விளக்குகள் அணைந்தன. பிறகு மழை பெய்த காலைகளில் மட்டும் எரிந்தன. சில வாரங்களில் நிரந்தரமாகிவிட்டன. முதலில் சென்ற பட்டறையில் ஏபிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தும் மொடூலையே மாற்ற வேண்டும் என்றார்கள். பல ஆயிரம் ரிங்கிட் ஆகும் வேலை அது. இரண்டாவது பட்டறையின் ஃபோர்மேன், "மொடூல கழட்டுறதுக்கு முன்னாடி வயரப் பாத்துருவோம் அண்ணே" என்று சொல்லிவிட்டு ஸ்கேனரைப் பொருத்தினார். திரையில் C0035 என்ற குறியீடு வந்தது. அது முன்பக்க இடது சக்கர சென்சரின் மின்சுற்றைக் குறிக்கும். குறியீட்டை மட்டும் நம்பி சென்சரை மாற்றிவிடாமல், அவர் என்னை மெதுவாக ஓட்டச் சொல்லி நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் கவனித்தார். மூன்று சக்கரங்கள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் காட்டிக்கொண்டிருந்தபோது, நான்காவது மேடுபள்ளங்களில் மட்டும் சுழியத்துக்கு விழுந்து மீண்டது. குலுங்கும்போது மட்டும் அறுபட்டால், சந்தேகிக்க வேண்டியது இணைப்பையே.

சக்கர வளைவின் உட்புற பிளாஸ்டிக் மறைப்பை நீக்கி கனெக்டரைப் பிரித்தபோது, ஒரு முனையில் பச்சை நிறப் பொடி படிந்திருந்தது. அதைவிடக் கவலை தந்தது வயரின் உட்புறம்தான். உறையைச் சீவியபோது, செம்பு இழைகள் பளபளப்பின்றிக் கறுத்திருந்தன. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, இழைகளுக்கிடையே உள்ள இடைவெளி நீரை உறைக்குள் இழுத்துச் செல்கிறது. ஆகவே முனையைத் துடைத்துக் கனெக்டர் கிளீனர் அடிப்பது மட்டும் போதாது. ஃபோர்மேன் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை, ஏறக்குறைய ஒரு விரல் நீளத்துக்கு வயரை வெட்டி, புதிய துண்டையும் புதிய முனைகளையும் பொருத்தினார். உட்புறப் பசை கொண்ட சுருங்கு குழாயால் இணைப்பை மூடி, கனெக்டரின் ரப்பர் சீலில் சிலிக்கான் கிரீஸ் தடவினார். மொடூலைத் தொடவே இல்லை.

அத்துடன் முடிந்துவிட்டதாக நினைத்திருந்தால், அடுத்து வந்த கோளாறு விளங்காமலே போயிருக்கும். சில மாதங்கள் கழித்து ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மெதுவாக ஏறத் தொடங்கியது. சென்ட்ரல் லாக்கும் சில நேரங்களில் மறுத்தது. தரைவிரிப்பை முழுமையாகத் தூக்கிப் பார்த்தபோது, மேல்பக்கம் காய்ந்திருந்தும் அடியிலிருந்த பஞ்சு ஈரமாகவே இருந்தது. அதன் கீழே, உடற்தகட்டில் திருகப்பட்ட எர்த் முனை துருப்பிடித்திருந்தது. மல்ட்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் அந்த முனை நன்றாக இருப்பதாகவே காட்டியது. அச்சோதனையில் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், துருவின் தடை வெளிப்படுவதில்லை. கண்ணாடி மோட்டாரை இயக்கிக்கொண்டே எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட்டை அளந்தபோதுதான், 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஏறத்தாழ 1 வோல்ட் எனத் தெரிந்தது. முனையைச் சுரண்டித் துரு நீக்கி மீண்டும் முடுக்கியதும் கண்ணாடி பழைய வேகத்துக்கு வந்தது. பஞ்சை வெளியே எடுத்து வெயிலில் உலர்த்தியிராவிட்டால் இந்த வேலையும் வீணாகியிருக்கும்.

இருக்கைக்கு அடியில் ஓடும் மஞ்சள் வயர்கள் ஏர்பேக்கைச் சார்ந்தவை. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எவரும் மீட்டரை வைத்துச் சோதிக்கக் கூடாது. அது பயிற்சி பெற்றவர், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

இந்த வகைப் பழுதுபார்ப்பு, நீர் உள்தரைக்கு மேல் ஏறாத காருக்கே பொருந்தும். மீட்டர் பலகை வரை மூழ்கிய காரில் மொடூல்களே நீரைக் குடித்திருக்கும். இணைப்பை ஒவ்வொன்றாகத் தேடுவது கட்டுப்படியாகாது. மலேசியாவில் வழக்கமான முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. சிறப்பு இடர் பாதுகாப்பைத் தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்திருந்தால்தான் இழப்பீடு கேட்க முடியும். சாலை வரி புதுப்பிக்கும்போது அந்தப் பாதுகாப்பு பாலிசியில் இருக்கிறதா என்று நான் இப்போது தவறாமல் பார்க்கிறேன்.