தட்டினால் திறக்கும் ஸ்டிக்கர்: உள்ளே எதை எழுதுவது?

எங்கள் தெரு அண்ணாச்சி கடை கல்லாவில் க்யூஆர் அட்டை வெகு நாளாக இருக்கிறது. பக்கத்து மொபைல் கடையில் போனைத் தட்டினாலே பணம் கட்டும் பக்கம் வருவதைப் பார்த்துவிட்டு, "நமக்கும் அதை ஒட்டிக் குடு தம்பி" என்றார். சின்ன வேலைதானே என்று நான்கு என்எஃப்சி ஸ்டிக்கர் வாங்கினேன். க்யூஆரா என்எஃப்சியா என்பதுதான் கேள்வி என்று அப்போது நினைத்திருந்தேன். ஸ்டிக்கருக்குள் எந்த முகவரியை எழுதுவது என்பதில்தான் உண்மையான போட்டி இருந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது, பணமும் கிடையாது. ஒரு சுருள் கம்பியும் கடுகளவு சில்லும்தான். போன் அருகில் வந்ததும் அதன் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, தன்னிடம் எழுதியிருக்கும் சில பைட்டுகளைத் திருப்பிச் சொல்லும். கார்டைத் தட்டிப் பணம் கட்டும் மெஷினோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே மெஷினே இல்லை. ஒரு முகவரி போனுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

முதலில் நேரடி யூபிஐ முகவரியையே எழுதினேன். வடிவம் இதுதான்:

```
upi://pay?pa=kadai@examplebank&pn=Kadai&cu=INR
```

மொத்தம் 46 எழுத்து. முன்னும் பின்னும் சேரும் குறிப்புகளோடு 54 பைட். கடைகளில் அதிகம் கிடைக்கும் NTAG213 வகை ஸ்டிக்கரில் 144 பைட் இடம் உண்டு, தாராளம். ஆனால் அண்ணாச்சிக்குக் கடைப்பெயர் தமிழில்தான் வேண்டும். "முருகன் ஸ்டோர்ஸ்" என்பதைத் தமிழிலேயே போட்டதும் எழுத மறுத்துவிட்டது. முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும், அதாவது ம தனி, உகரக் கொக்கி தனி, புள்ளி தனி என்று, ஒன்பது எழுத்தாக ஊதிவிடும். அந்தப் பெயர் மட்டுமே 138 எழுத்து ஆகிறது! 504 பைட் கொண்ட NTAG215 வாங்கினால் அடங்கும். பெயரை ஆங்கில எழுத்தில் போட்டு அவரைச் சமாதானப்படுத்தினேன்.

என் ஆண்ட்ராய்டு போனில் தட்டியதும் எந்தச் செயலியில் கட்டலாம் என்று கேட்டது. தொகை, பின் நம்பர், முடிந்தது. செயலியைத் தேடித் திறந்து, ஸ்கேன் பொத்தானை அழுத்தி, கேமராவைக் குறிபார்க்கும் வேலை மிச்சம். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். மறுநாள் மாலையே கூப்பிட்டார். "ஐபோன்காரங்க தட்டுறாங்க, ஒண்ணுமே வரலையே தம்பி, ஏன்?"

காரணம் ஸ்டிக்கரில் இல்லை. ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் வந்த மாடல்கள் எந்தச் செயலியையும் திறக்காமலே ஸ்டிக்கரைப் படிக்கும். ஆனால் https போன்ற சில பொதுவான முகவரி வகைகளைத்தான் ஏற்றுக்கொள்ளும். upi:// என்று தொடங்குவது அந்தப் பட்டியலில் இல்லை; பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பிழைச்செய்திகூட வராது என்பதுதான் எரிச்சல். வாடிக்கையாளர் ஸ்டிக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். ஆண்ட்ராய்டிலும் எல்லாப் போனும் ஒன்றுபோல நடப்பதில்லை. சிலவற்றில் செயலிப் பட்டியல் வரும், சிலவற்றில் முகவரி வெறும் எழுத்தாக வந்து நிற்கும்.

அப்புறம் இரண்டாவது வழிக்கு வந்தேன். ஸ்டிக்கரில் ஒரு https முகவரி. அது திறக்கும் பக்கத்தில் கடைப்பெயர், தொகைக்கான கட்டம், செயலிகளுக்கான பொத்தான்கள். `https://kadai.example/p` என்பது மாதிரி சிறிய முகவரி 23 பைட்டில் முடிந்துவிடும். ஏனென்றால் https:// என்ற முன்பகுதி முழுவதையும் ஒரே பைட்டில் சுருக்கிவைக்க இந்த ஸ்டிக்கர்களில் வழி உண்டு. கடைப்பெயர் பக்கத்தில் இருப்பதால் தமிழிலேயே எழுதலாம். நாளை யூபிஐ ஐடி மாறினால் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். க்யூஆர் அட்டையையும் நேரடி யூபிஐ ஸ்டிக்கரையும் அப்போது புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

ஆனால் இது வேகமானது என்று சொன்னால் பொய். ஐபோனில் தட்டியதும் திரையின் மேலே ஒரு அறிவிப்பு வரும்; அதை அழுத்தினால்தான் பக்கம் திறக்கும். அதில் தொகை போட்டு, பொத்தானை அழுத்தி, செயலிக்குப் போய், பின் நம்பர் அடிக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் க்யூஆரை விட ஒரு படி கூடுதலாகவே வரும். இன்னொன்று, ஆண்ட்ராய்டு போலச் செயலிப் பட்டியலை ஐபோன் காட்டாது. பக்கத்தில் வெறும் upi:// பொத்தான் வைத்தால் ஏதோ ஒரு செயலி தானாகத் திறக்கும். வாடிக்கையாளர் பயன்படுத்தும் செயலியாக அது இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பொத்தான் வைப்பதே நல்லது. லிங்க் வழியாகத் தனிநபர் யூபிஐ ஐடிக்கு வரும் பணத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிச் சில செயலிகள் தடுத்துவிடுவதும் உண்டு. வியாபாரி கணக்கின் ஐடியைப் போடுங்கள்.

அடுத்து, ஒட்டும் இடம். அண்ணாச்சி கல்லாவின் மேல்தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண ஸ்டிக்கரை அதில் ஒட்டினால் செத்த மாதிரிதான். உலோகம் காந்தப்புலத்தைத் தின்றுவிடும். பின்னால் ஃபெரைட் படலம் வைத்த, உலோகத்துக்கென்றே வரும் ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்கிறது. நான் அதற்குப் போகவில்லை, க்யூஆர் அட்டையின் அக்ரிலிக் தாங்கிக்குப் பின்புறம் ஒட்டிவிட்டேன். தட்டும் விதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஐபோனின் ஆன்டெனா மேல் விளிம்பில் இருக்கிறது, பல ஆண்ட்ராய்டு போன்களில் முதுகுப்பக்கம். ஐபோனின் நடுமுதுகை வைத்துத் தேய்த்தால் ஒன்றும் நடக்காது. ஆண்ட்ராய்டில் திரை பூட்டு நீங்கியிருக்க வேண்டும், அமைப்பில் என்எஃப்சியும் இயங்க வேண்டும். கார் தாங்கிக்காக உறைக்குள் இரும்புத் தகடு செருகியவர்களுக்கும் இது வேலை செய்யாது.

திருட்டு விஷயத்தில் எனக்கு க்யூஆர் மேல்தான் நம்பிக்கை. அதன் மேல் வேறொரு அட்டையை ஒட்டினால் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பிருக்கிறது. ஸ்டிக்கருக்குள் இருப்பது தெரியாது. பூட்டாமல் விட்ட ஸ்டிக்கரை, வரிசையில் நிற்கும் ஒருவர் `NFC Tools` மாதிரி இலவசச் செயலியை வைத்து ஒரு நொடியில் தன் முகவரிக்கு மாற்றி எழுதிவிடலாம். யாராவது நகல் எடுத்துவிட்டால் என்று அண்ணாச்சி பயந்தார். எடுக்கட்டுமே, நகலைத் தட்டினாலும் பணம் அவருக்குத்தானே வரும். மாற்றி எழுதுவதைத்தான் தடுக்க வேண்டும். அதற்கு நிரந்தரப் பூட்டு இருக்கிறது, ஆனால் போட்டபின் எடுக்க முடியாது. நான் இரண்டு போனில் சோதிக்காமல் அவசரப்பட்டுப் பூட்டியதில் ஒரு ஸ்டிக்கர் குப்பைக்குப் போனது. ஐடியில் ஒரு எழுத்து தப்பு. https வழியில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. டொமைனை வருடம்தோறும் புதுப்பிக்க மறந்தால், அதை வேறு யாராவது வாங்கி, பூட்டிய ஸ்டிக்கர் வழியாகவே தங்கள் பக்கத்தைக் காட்டலாம்.

அதனால் க்யூஆர் அட்டையை எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் என்எஃப்சியே இல்லை, கேமரா எல்லாவற்றிலும் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஆண்ட்ராய்டு என்றால் நேரடி யூபிஐ ஸ்டிக்கர் போதும், அதுதான் வேகம். ஐபோன்காரர்களும் வருவார்கள் என்றால் https தவிர வேறு வழியில்லை. அண்ணாச்சி கடைக்கு https வைத்துப் பூட்டியாயிற்று. காலையில் விளக்கேற்றியதும் தன் போனை ஒருமுறை தட்டி ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கிறார். சவுண்ட்பாக்ஸ் "ஒரு ரூபாய்" என்று சொன்னபிறகுதான் கல்லாவில் உட்காருகிறார்.